26 தலையை 110-ஆல் பெருக்கினால் பம்ப் கிடைத்துவிடுமா?

நீரோட்டம்:
ஒரு கிடங்கின் ஸ்பிரிங்க்ளர் கணக்கைச் சரிபார்க்கக் கொடுத்தார்கள். தண்ணீர் தெளிக்கும் அடர்த்தி நிமிடத்துக்கு 12.2 மி.மீ., பரப்பு 232 ச.மீ. ஒரு தலைக்கு 9 ச.மீ. என்றால் நிமிடத்துக்கு 110 லிட்டர். 26 தலைக்கு 2,860. வடிவமைத்தவர் அதோடு நிறுத்திக்கொண்டு 3,000 லிட்டர் பம்ப் கேட்டிருந்தார்.

அந்த 110 லிட்டர் கடைக்கோடித் தலைக்கு மட்டும்தான். ஓட்டக் குணகம் கே 115 உள்ள தலைக்கு அங்கே 0.91 பார் போதும். பம்ப் பக்கம் வர வர, குழாய் இழப்பைச் சரிக்கட்ட அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். 1.4 பார் உள்ள இடத்தில் அதே தலை 136 லிட்டர் கொட்டும், வேண்டாம் என்றாலும் கேட்காது. பரப்பையும் சதுரமாக வரைந்து, கிளைக்கு 5 தலைதான் எடுத்திருந்தார். கிளைக் குழாயின் திசையில் நீளம் 1.2√232, அதாவது 18.3 மீட்டர் வர வேண்டும். 3 மீட்டர் இடைவெளிக்கு 7 தலை. அப்படித் திருத்திப் போட்டதில் 3,250 வந்தது.

வால்வு:
கே 160 போட்டால் அரை பாரில் முடிந்துவிடுமே? சின்ன பம்ப் போதும்.

நீரோட்டம்:
அழுத்தம் குறையும், சரி. ஆனால் 0.5 பாரில் தொடங்கி வழியில் அரை பார் ஏறினால் அழுத்தம் இரட்டிப்பாகிறது; ஓட்டம் 113-லிருந்து 160. கே 115-க்கு அதே அரை பார் ஏற்றத்தில் கால் பங்குதான் கூடும். பெரிய கே வேண்டுமென்றால் குழாயையும் பெரிதாக்குங்கள், இல்லையேல் மிச்சம் பிடித்ததைத் தொட்டி தின்றுவிடும்.

ரேக்12:
எங்கள் கிடங்கில் 12 தலைக்குத்தான் கணக்கு, தலைக்கு 3.4 பார். உங்களுக்கு ஏன் 26?

நீரோட்டம்:
உங்களுடையது இ.எஸ்.எஃப்.ஆர்., தீயை ஆரம்பத்திலேயே அடக்கும் தலை. அங்கே அடர்த்தி-பரப்பு முறையே கிடையாது. தலை எண்ணிக்கையும் அழுத்தமும்தான்.

டீசல் இன்ஜின்:
ஹோஸுக்கு 1,900 சேர்த்தால் 5,150. அப்போது 5,678 லிட்டர் பம்ப்தானே எடுக்க வேண்டும்?

நீரோட்டம்:
அவசியமில்லை. தீயணைப்பு பம்ப் குறித்த ஓட்டத்தின் 150 சதவீதத்தில், குறித்த அழுத்தத்தில் 65 சதவீதமாவது தந்தாக வேண்டும். 3,785 லிட்டர், 8 பார் பம்ப் எடுத்தால் 5,678-இல் குறைந்தது 5.2 பார். நமக்கு 5,150-இல் 5.5 பார் தேவைப்பட்டது. தயாரிப்பாளரின் வளைகோட்டில் அந்தப் புள்ளி 6-க்கு மேலேயே இருந்தது. மூடிய நிலையில் 140 சதவீதம், அதாவது 11.2 பார் வரை ஏறலாம். 12 பார் தாங்கும் பொருத்திகளுக்கு அது கொஞ்சம் ஒட்டித்தான் நிற்கிறது.

டீசல் இன்ஜின்:
5,150 என்பது 136 சதவீதம். 140-ஐத் தாண்டினால் உறிஞ்சும் பக்கம் தகராறு செய்யும். நானாக இருந்தால் பெரியதுதான் எடுப்பேன்.

நீரோட்டம்:
தொட்டி நீர்மட்டம் பம்புக்கு மேலே, உறிஞ்சுகுழாய் குட்டை. அதனால் துணிந்தேன். ஹைட்ரண்டுக்குத் தனி பம்ப் வைக்கலாமா என்று உரிமையாளர் இன்னும் சொல்லவில்லை. வைத்தால் அந்த 1,900 இந்தப் பம்பின் கணக்கிலிருந்தே போய்விடும்.