எஸ்வி மாசா மாசம் நல்லாகுது, வேலை மட்டும் முடியல. ஏர்ன்ட் ஷெட்யூல் போட்டா #REF! வருது

கவிதா_பிளானிங்:
நாளைக்குக் காலைல ரிவ்யூ, அவசரம். ப்ராஜெக்ட் லேட்டுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா ஷீட்ல எஸ்வி, அதாவது ஈட்டின வேலையோட மதிப்பான இவியில இருந்து திட்ட மதிப்பான பிவியைக் கழிச்சது, கடைசி மூணு மாசத்துல -105, -90, -57. எஸ்பிஐ, அதாவது இவி வகுத்தல் பிவி, 0.89, 0.91, 0.94. எங்க வரம்பு 0.90, அதனால ரெண்டு மாசமா பச்சை காட்டுது. ஏர்ன்ட் ஷெட்யூல் போட்டா உண்மை தெரியும்னாங்க. போட்டேன், #REF! வருது. எங்க தப்பு?

முருகன்_பி:
ஃபார்முலாவைப் போடாம தப்பை எப்படிச் சொல்றது? மொத்தம் எத்தனை மாசத் திட்டம், இப்ப எத்தனாவது மாசம், மாச வாரியா சேர்ந்து வர்ற பிவி என்ன, நடுவுல ரீபேஸ்லைன் பண்ணீங்களா, இந்த நாலும் வேணும்.

சலீம்_கியூஎஸ்:
பணத்துல அளக்கறதுதான் பிரச்சனை. விலை கூடின சாமான் ஒண்ணு வந்து இறங்கினா இவி குதிச்சிடும். ஆள்-மணிக்கு மாத்துங்க, எஸ்வி சரியாயிடும்.

நிர்மலா_கன்ட்ரோல்ஸ்:
சலீம் சார், விலை கூடின சாமான் குதிக்க வைக்கும்ங்கறது சரி. ஆனா மணிக்கு மாத்தினாலும் இந்த நோய் போகாது. திட்டக் காலம் முடிஞ்சதும் பிவி மொத்த பட்ஜெட்லயே நின்னுடும், அதுக்கு மேல நகராது. இவி மெல்ல ஏறி அதே எண்ணைத்தான் தொடப்போகுது. ஒரு வருஷம் தாமதமா முடிச்சாலும் கடைசி நாள் எஸ்வி 0, எஸ்பிஐ 1. கடைசி மூணுல ஒரு பங்குல எஸ்வி நல்லாகுதுன்னா பெரும்பாலும் இலக்கு நின்னு காத்திட்டிருக்குன்னு அர்த்தம், வேலை வேகமாச்சுன்னு இல்ல. மணி, டன், மீட்டர், எதுல அளந்தாலும் இதே கதிதான்.

ஜோசப்_இ:
எங்களுக்கும் இதே மாதிரி, சிபிஐ 0.8ல இருந்து ஏறவே மாட்டேங்குது. செலவைக் குறைக்க வழி இருக்கா?

முருகன்_பி:
அது செலவு, ஜோசப். இங்க பேசறது காலம். தனி இழை போடுங்க, பார்க்கறேன்.

கவிதா_பிளானிங்:
மன்னிக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். 12 மாசத் திட்டம், இப்ப 13ஆவது மாசக் கடைசி. ரீபேஸ்லைன் இல்ல. சேர்ந்து வர்ற பிவி: 30, 80, 160, 260, 380, 510, 640, 750, 840, 910, 965, 1000. இவி 11ஆவது மாசம் 860, 12ல 910, 13ல 943. பிவி B2:B13ல இருக்கு. D2ல மாசம், E2ல இவி.

```
=(E2-INDEX(B2:B13,D2))/(INDEX(B2:B13,D2+1)-INDEX(B2:B13,D2))
```

நிர்மலா_கன்ட்ரோல்ஸ்:
இப்ப தெரியுது. நடப்பு மாச எண்ணை வச்சு வரிசையைத் தேடறீங்க. இருக்கறதே 12 வரிசை, 13ஆவது எங்க இருந்து வரும்? தேட வேண்டியது மாசத்தை இல்ல, இவியை. "இன்னிக்கு ஈட்டியிருக்கிற 943ஐ, திட்டப்படி எப்ப ஈட்டியிருக்கணும்?" இவ்வளவுதான் கேள்வி. 2003ல வால்ட் லிப்கி ஏர்ன்ட் ஷெட்யூலை முன்வைச்சப்ப அடிப்படை இதேதான்.

முழு வரிசையை நுழைக்காம, B பத்தியில மட்டும் மேல ஒரு செல் நுழைச்சு B2ல 0 வையுங்க, அதுதான் மாசம் 0. பிவி B3:B14க்கு இறங்கிடும். அப்புறம் F2ல முழு மாசம், G2ல ஏர்ன்ட் ஷெட்யூல்:

```
F2: =MATCH(E2,$B$2:$B$14,1)-1
G2: =F2+IFERROR((E2-INDEX($B$2:$B$14,F2+1))/(INDEX($B$2:$B$14,F2+2)-INDEX($B$2:$B$14,F2+1)),0)
```

IFERROR கடைசி மாசத்துக்காக. இவி 1000ஐத் தொட்டதும் அடுத்த வரிசை இருக்காது, மறுபடி #REF! வரும்.

உங்க எண்ணுக்கு: 943ங்கறது 910க்கும் 965க்கும் நடுவுல. 10 மாசம் முழுசா, மிச்சம் 33 வகுத்தல் 55, அதாவது 0.6. ஆக 10.6. நீங்க நிக்கறது 13ல, அதனால 2.4 மாசம் பின்னாடி. போன மாசம் 2.0, அதுக்கு முந்தின மாசம் 1.7. உங்க எஸ்வி சுருங்கின அதே மூணு மாசத்துல தாமதம் வளர்ந்திருக்கு. காலக் கணக்குல எஸ்பிஐ 0.82, பச்சை இல்ல.

ஒண்ணு மட்டும் சொல்லுங்க: மேற்பார்வை, செக்யூரிட்டி, சைட் ஆபீஸ் மாதிரி காலம் ஓடினாலே ஈட்டற ஐட்டம் அந்த 1000க்குள்ள இருக்கா?

ஆதவன்_சீனியர்:
இத்தனை கணக்கு எதுக்கும்மா? அடிப்படையைப் படிச்சிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது. முடியற தேதியைச் சொல்றது கிரிட்டிகல் பாத். கன்ட்ரோல் பேனல் வராம பெயின்டிங், தரை வேலைன்னு முடிச்சுக் காட்டினா இவி ஏறும், ஏர்ன்ட் ஷெட்யூலும் கூடவே ஏறும். முடியற தேதி ஒரு நாள்கூட நகராது. நெட்வொர்க்கை அப்டேட் பண்ணத் தெரியாதவங்களுக்குத்தான் இந்தக் குறுக்கு வழி.

முருகன்_பி:
பெயின்டிங் விஷயம் சரி சார், தொனிதான் தேவையில்ல. நெட்வொர்க் அப்டேட்லயும் ஒரு ஓட்டை உண்டு. மிச்ச நாளை சப்-கான்ட்ராக்டர் "இன்னும் பத்து நாள்"னு ஒவ்வொரு மாசமும் சொல்லுவார், கிரிட்டிகல் பாத் அதை அப்படியே நம்பும். ஏர்ன்ட் ஷெட்யூல் இதுவரை நடந்த வேகத்தை வச்சுப் பேசுது. ரெண்டு தேதியும் விலகினா, அங்கதான் தோண்டணும்.

ஆதவன்_சீனியர்:
மிதப்பு உள்ள வேலையும் இல்லாத வேலையும் ஒரே கூடையில கிடக்கிற கணக்கு எனக்கு ஆதாரம் ஆகாது.

நிர்மலா_கன்ட்ரோல்ஸ்:
அப்போ கிரிட்டிகல் பாத்ல இருக்கிற வேலையோட பிவியை மட்டும் தனியா எடுத்து, அதுக்கு ஏர்ன்ட் ஷெட்யூல் போடலாம். பாதை மாறினா பழைய மாசங்களையும் திரும்பப் போடணும், அதுதான் சிரமம்.

கவிதா_பிளானிங்:
G2 வந்துடுச்சு, 10.6. மேற்பார்வை மாசம் 10 வீதம், மொத்தம் 120 உள்ளதான் இருக்கு. அது பிரச்சனையா?

நிர்மலா_கன்ட்ரோல்ஸ்:
ஆமா. அந்த 120ம் 12ஆவது மாசத்தோடவே முழுசா ஈட்டியாச்சு, ஒருத்தரும் கை வைக்காமலே. பிவியில மாசம் 10 கழிச்சா 9ல 750, 10ல 810, 11ல 855, 12ல 880. இவி 943ல 120 போக 823. ஏர்ன்ட் ஷெட்யூல் 10.6 இல்ல, 10.29. தாமதம் 2.7 மாசம்.

முடியற மாசம்: காலக் கணக்கு எஸ்பிஐ இப்ப 10.29 வகுத்தல் 13, அதாவது 0.79. 12ஐ அதால வகுத்தா 15.2. ஆனா அது ஆரம்பத்துல இருந்து வந்த சராசரி வேகம். போன மாசம் 9.67ல இருந்து 10.29, அதாவது 0.62 திட்ட மாசம்தான் நகர்ந்திருக்கீங்க. மிச்சம் 1.71. இதே வேகம்னா 15.8. நான் ரெண்டையும் சொல்லுவேன், ஒத்தைத் தேதி சொல்ல மாட்டேன்.

கவிதா_பிளானிங்:
மேல 14ஆவது மாசக் கடைசின்னு வாக்குக் கொடுத்துட்டாங்க.

முருகன்_பி:
அப்போ ஒரே மாசத்துல 1.71 திட்ட மாச வேலை ஆகணும். போன மாசம் ஆனது 0.62. இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வையுங்க, எஸ்பிஐ பச்சையைப் பத்திக் கேள்வியே வராது.

சலீம்_கியூஎஸ்:
திட்டத்துலயே வேலை நிறுத்தம் போட்டிருந்தா, மழைக்கால இடைவெளி மாதிரி, அந்த மாசம் பிவி நகராது. அப்ப MATCH என்ன பண்ணும்?

நிர்மலா_கன்ட்ரோல்ஸ்:
சமமான எண்கள்ல கடைசியைப் பிடிக்கும். அதனால இவி அந்த எண்ணைத் தொட்டதும் ஏர்ன்ட் ஷெட்யூல் ஒரு மாசம் எகிறும், வேலை ஒண்ணும் நடக்காமலே. நிறுத்த மாசத்தைத் திட்டக் காலம், ஓடின காலம் ரெண்டுலயும் கழிச்சுட்டுப் போடறவங்க இருக்காங்க. நிறுத்தம் திட்டமிட்ட நாள்லயே நடந்தா அது சரி. தள்ளிப்போனா எப்படிக் கழிக்கறதுங்கறதுல எனக்கு இன்னும் திருப்தியான வழி கிடைக்கல.

ஆதவன்_சீனியர்:
நெட்வொர்க்ல காலண்டர் போட்டா அந்தத் தொல்லையே கிடையாது.

கவிதா_பிளானிங்:
ரிவ்யூ முடிஞ்சது. 14 போச்சு, 15.2ல இருந்து 15.8ன்னு எழுதிக்கிட்டாங்க. பேனல் டெலிவரியைத் தனியாக் கேட்டிருக்காங்க. நன்றி.