புதுப்பிப்பு: அஸ்தம்பட்டி பலகையிலிருந்து விலகியாச்சு

முன்பு கேட்டது: “ஏற்காட்டு விடுதிக்கு சேலம் அஸ்தம்பட்டியில் வாடகை விளம்பரப் பலகை. இரவு 11 வரை விளக்கு எரியும் என்றார்கள், எரியவில்லை. விலகலாமா?”

“வாடகைக்கு முன்னாடியே கொடுத்த மீதி காசோலைகளை நிறுத்துங்க, போதும்” என்றார் ஒருவர். பாதிதான் சரி. பணம் தரவேண்டியதுதான் என்று ஆகிவிட்டால், காசோலை பணமாகாமல் திரும்பினால் போடும் 138-வது பிரிவு வழக்கு நிறுத்திய காசோலைக்கும் வரும் என்று வக்கீல் அண்ணன் தடுத்தார்.

ஒப்பந்தத்தில் குறையைச் சரிசெய்ய 15 நாள் அவகாசம் இருந்தது. தேதியிட்ட இரவுப் படங்களோடு பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். நான்கு நாள் எரிந்தது, அப்புறம் மறுபடி இருட்டு. படமெடுக்க தினமும் மலையிறங்கியதுதான் கொடுமை! அவகாசம் முடிந்ததும் ரத்துக் கடிதம் கொடுத்தேன்.

மீதி மூன்று மாத காசோலைகளைப் பலகைக்காரர் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். இருண்ட இரவுகளுக்கான வாடகைக் கழிவு பற்றி இன்னும் பேச்சு ஓடுகிறது.