கைகழுவும் திரவப் பாட்டில்: "100% பசுமை பேக்கிங்" என்பதை எடுத்துவிட்டு என்ன எழுதுவது?

லேபிள்_ஈரோடு

வணக்கம். 500 மில்லி கைகழுவும் திரவம், வெள்ளை எச்டிபிஇ பாட்டில். புதிய லேபிள் அச்சுக்குப் போக வேண்டும். விளம்பர ஏஜென்சி கொடுத்த வாசகம் இது:

"100% பசுமை பேக்கிங்! சூழலுக்கு உகந்த மறுசுழற்சி பாட்டில். 40% குறைவான பிளாஸ்டிக். பாஸ்பேட் அற்றது."

உண்மையில் மாறியது இரண்டுதான். பழைய பாட்டில் 32 கிராம், புதியது 28 கிராம். பழையது முழுக்க வர்ஜின், அதாவது முதல்முறை பயன்படும் புதுப் பிளாஸ்டிக். புதியதில் 30% ரீசைக்கிள் என்று பாட்டில் சப்ளையர் சொல்கிறார். மூடி 4 கிராம், பாட்டிலைச் சுற்றிச் சுருங்கும் லேபிள் ஸ்லீவ் 1.5 கிராம், இரண்டின் எடையும் அப்படியே. 2024 அக்டோபரில் பசுமை விளம்பரங்கள் பற்றி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் வந்த பிறகு இதை அப்படியே அச்சடிக்கத் தயக்கமாக இருக்கிறது. எதை வைப்பது, எதை வெட்டுவது?

பச்சைமிளகாய்

முதலில் பச்சை நிறத்தை எடுங்க. இலைப் படமும் கூடாது. புது விதியில் இரண்டுக்குமே தடை. "சூழலுக்கு உகந்த" என்ற சொல்லுக்கும் தடை. 40% மட்டும் கணக்கு இருந்தா போடலாம்.

பிழைதிருத்தி

பச்சைமிளகாய் சொன்னது பாதி சரி. பொதுவான நிறமும் படமும் மட்டுமே இருந்தால், அவற்றை அந்த வழிகாட்டுதல் பசுமைப் பூச்சாக, அதாவது சூழல் பெயரில் ஏமாற்றும் விளம்பரமாக, எண்ணுவதில்லை. பச்சை மூடி இருக்கட்டும். ஆனால் இலைப் படத்துக்குப் பக்கத்திலேயே "சூழல்" என்று எழுதினால் படமும் வாக்குறுதியின் பகுதியாகிவிடும். "சூழலுக்கு உகந்த" என்ற சொல்லுக்கும் நேரடித் தடை இல்லை. எந்தப் பகுதி, எந்த விதத்தில், எதை ஆதாரமாக வைத்து என்று கூடவே சொல்லாமல் அதைப் போடக் கூடாது, அவ்வளவுதான். அதையெல்லாம் சொல்லிவிட்டால் அந்தச் சொல்லுக்கு வேலையே இருக்காது, எடுத்துவிடலாம்.

40% எங்கிருந்து வந்தது என்று போட்டுப் பார்த்தேன். 28 கிராமில் 30% என்றால் 8.4 கிராம் ரீசைக்கிள், மீதி 19.6 கிராம் வர்ஜின். 32-லிருந்து 19.6-க்கு இறங்கியது 12.4 கிராம், அதாவது 38.75%. அதை 40 ஆக்கியிருக்கிறார்கள். அது வர்ஜின் குறைந்த கணக்கு. "குறைவான பிளாஸ்டிக்" என்று படிப்பவர் மொத்த எடையைத்தான் நினைப்பார். மொத்தத்தில் குறைந்தது 4 கிராம், 12.5%. அதுவும் பாட்டில் மட்டும். மூடியும் ஸ்லீவும் சேர்த்தால் 37.5 கிராம் 33.5 ஆகிறது, 10.7% கூட வராது. ஒரே மாற்றத்துக்கு மூன்று எண்கள். எதற்கு எதிரே அளந்தோம் என்று சொல்லாத சதவீதத்தை அச்சடிக்காதீர்கள்.

பாஸ்பேட் வரி தனிக் கதை. உங்கள் பழைய திரவத்தில் பாஸ்பேட் இருந்ததா?

லேபிள்_ஈரோடு

இல்லை. எப்போதும் போட்டதில்லை.

பிழைதிருத்தி

அப்படியானால் அது உண்மை, ஆனால் மாற்றம் இல்லை. கைகழுவும் திரவங்களில் பொதுவாகவே பாஸ்பேட் சேர்ப்பதில்லை. உங்கள் பொருளுக்கு மட்டும் தனிச் சிறப்பு இருப்பது போல் ஒலிக்கும். வெட்டுங்கள்.

மோல்டு_47

சப்ளையரிடம் அந்த 30% எப்படி வந்தது என்று கேட்டீங்களா? பாட்டிலைக் காற்றூதி வார்க்கும் புளோ மோல்டிங்கில் கழுத்திலும் அடியிலும் ஃபிளாஷ், அதாவது பிதுங்கிய உபரி பிளாஸ்டிக் வரும். அதை வெட்டி, அரைத்து, அதே மெஷினுக்குத் திருப்பிப் போடுவது எல்லா ஷெட்டிலும் நடக்கும் வேலை. பல பேர் அந்த ரீகிரைண்டையும் "ரீசைக்கிள்" கணக்கில் சேர்த்துவிடுவார்கள். சூழல் வாசகங்களுக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 14021 அதை ஒத்துக்கொள்ளாது. ஒரு வேலையில் விழுந்த கழிவு அதே வேலைக்குத் திரும்பினால் அது ரீசைக்கிள் உள்ளடக்கம் ஆகாது. வாடிக்கையாளர் பயன்படுத்தித் தூக்கி எறிந்து, சேகரித்து, கழுவி, மணியாக்கி வந்த பிசிஆர் எவ்வளவு என்று தனியாக எழுதி வாங்குங்க. லாட் வாரியாக.

இன்னொன்று. பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் "2" இருக்கும். அது எச்டிபிஇ என்பதற்கான எண். ரீசைக்கிள் அளவைக் குறிக்கும் அம்புச் சின்னம் வேறு, அதோடு சதவீத எண் வரும். லேபிளில் இரண்டையும் குழப்பிவிடாதீங்க.

ஊறுகாய்க்காரி

நாங்க ஊறுகாய் பவுச்சில் "மக்கும் கவர்" என்று போடப் போறோம். கவர்காரர் பயோ பிளாஸ்டிக் என்கிறார். இதுக்கும் இதே மாதிரி எடை போட்டுப் பார்த்தா போதுமா?

பிழைதிருத்தி

அம்மா, உங்களுடையது எடைக் கேள்வி அல்ல, தனி இழை போடலாம். சுருக்கமாகச் சொன்னால், மக்கும் பிளாஸ்டிக் என்று விற்க, அந்தப் படலத்தைத் தயாரிப்பவர் பெயரில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்று வேண்டும். ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 சோதனை 58 டிகிரி சூட்டில், உரத் தொட்டிக்குள் நடப்பது. வீட்டு வாசல் மண்ணில் அந்தச் சூடு கிடையாது. கவர்காரரிடம் சான்று எண்ணைக் கேளுங்கள். வெறும் படலத்துக்கு வாங்கிய சான்று, அதன் மேல் வேறு பிளாஸ்டிக் ஒட்டிய உங்கள் பவுச்சுக்குச் செல்லாது.

லேபிள்_ஈரோடு

மோல்டு_47 அண்ணே, நீங்க சொன்னதுதான் நடந்திருக்கிறது. சப்ளையர் எழுதிக் கொடுத்தார்: பிசிஆர் 20%, ரீகிரைண்ட் 10%. கடைசி ஆறு லாட்டுகளில் பிசிஆர் 18 முதல் 22 வரை. இப்போது வர்ஜின் கணக்கைத் திருப்பிப் போட்டால்: 28-ல் 20% என்பது 5.6 கிராம், மீதி 22.4. 32-லிருந்து 9.6 கிராம் குறைவு, சரியாக 30%. ஏஜென்சி "30% என்றே வைத்துக்கொள்ளலாமே" என்கிறது.

பிழைதிருத்தி

அதுதான் பொறி. முன்பு 30% என்பது ரீசைக்கிள் அளவு, இப்போது 30% என்பது வர்ஜின் குறைப்பு. எண் ஒன்று, பொருள் இரண்டு. சேர்த்துப் போட்ட அந்த எண்ணையே கைவிடுங்கள். எடை குறைந்தது ஒரு செய்தி, பிசிஆர் கலந்தது இன்னொரு செய்தி. இரண்டையும் தனித்தனியாகச் சொன்னால் எவரும் தராசில் வைத்துப் பார்க்க முடியும்.

பிசிஆருக்குச் சராசரியைப் போடாமல் "குறைந்தது 18%" என்று போடுங்கள். 20 என்று அச்சடித்த பாட்டிலில் 18 இருந்தால் அந்தப் பாட்டில் பொய் சொல்கிறது.

மோல்டு_47

எடைக்கும் அதேதான். 28 என்பது வரைபடத்தில் உள்ள எண்ணா, தராசு காட்டிய எண்ணா? மூடி இல்லாத வெற்றுப் பாட்டில்களை, அச்சின் ஒவ்வொரு குழியிலிருந்தும் பத்துப் பத்தாக எடுத்து, 0.1 கிராம் காட்டும் தராசில் வைங்க. ஒரு குழி 27.6, இன்னொன்று 28.5 என்று வரலாம். சராசரி 28-ஐத் தாண்டினால் லேபிள் எண்ணும் மாறணும்.

அச்சுக்கு முன் இன்னொரு சோதனை. சோப்புத் திரவம் எச்டிபிஇ-யில் நாளடைவில் மயிரிழை விரிசல் விடவைக்கும், முக்கியமாக அடி மூலையிலும் கைப்பிடி வளைவிலும். சுவரை மெலிதாக்கி பிசிஆரும் சேர்த்தால் அந்த ஆபத்து கூடும். உங்கள் திரவத்தையே நிரப்பி, இறுக்கி மூடி, 60 டிகிரி அடுப்பில் வைத்து, பழைய பாட்டிலும் புதியதும் எத்தனை நாளில் கசிகின்றன என்று ஒப்பிட்டுப் பாருங்க. தண்ணீர் நிரப்பிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கடைக்குப் போகும் வழியில் கசிந்து கொட்டினால் 4 கிராம் மிச்சம் எங்கே நிற்கும்?

பிழைதிருத்தி

மொழிக்கு வருவோம். "மறுசுழற்சி பாட்டில்" என்பது தமிழில் இரண்டு விதமாகப் படும்: மறுசுழற்சியில் வந்த பாட்டில், மறுசுழற்சிக்குப் போகக்கூடிய பாட்டில். ஆங்கில லேபிளில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு, தமிழில் சுருக்கும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. அதனால் வினையோடு எழுதுங்கள்:

"இந்தப் பாட்டிலின் எடை 28 கிராம். 2023-இல் விற்ற எங்கள் 500 மில்லி பாட்டில் 32 கிராம். பாட்டிலின் எடையில் குறைந்தது 18%, மக்கள் பயன்படுத்திப் போட்ட பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்து கிடைத்தது. மூடியின் எடையும் லேபிளின் எடையும் மாறவில்லை."

2023 என்பது என் ஊகம், பழைய பாட்டில் நின்ற ஆண்டைப் போடுங்கள். பின்பக்கம் போதும். கியூஆர் வைத்தால் அந்தப் பக்கத்தில் எடைப் பட்டியல், சப்ளையர் கடிதம், லாட் அட்டவணை மூன்றும் இருக்கட்டும். லேபிளில் சொல்லாத பெருமையைக் கியூஆரில் சேர்க்காதீர்கள்.

பச்சைமிளகாய்

இதை யாருங்க படிப்பாங்க? "12.5% குறைவான பிளாஸ்டிக்" என்று முன்பக்கம் போடலாமே.

பிழைதிருத்தி

போடலாம், "பாட்டிலில்" என்ற சொல்லும் எந்த ஆண்டுப் பாட்டிலோடு ஒப்பீடு என்பதும் அதே வரியில் அதே எழுத்தளவில் இருந்தால். அடிக்குறிப்பாகச் சிறிய எழுத்தில் தள்ளினால் வேண்டாம். எனக்குக் கிராம்தான் பிடிக்கும்.

மோல்டு_47

எனக்கும் கிராம்தான். ஆனால் "மக்கள் பயன்படுத்திப் போட்ட" என்று சோப்புப் பாட்டிலில் எழுதினால் வாங்குபவர் முகம் சுளிப்பார். பிசிஆரில் லேசான சாம்பல் நிறமும் பழைய வாசனையும் வேறு இருக்கும், அதோடு இந்த வரியும் சேர்ந்தால் புகார்தான் வரும். "பயன்படுத்திய பாட்டில்களிலிருந்து" என்று போடலாமா?

பிழைதிருத்தி

பாட்டில்களிலிருந்துதான் வந்தது என்று சப்ளையர் எழுதிக் கொடுத்தால் போடலாம். வாளியும் குடமும் கேனும் கலந்த எச்டிபிஇ-யாக இருந்தால் "பாட்டில்" என்பது அடுத்த பொய்.

லேபிள்_ஈரோடு

கேட்டேன். கேன்களும் கலந்ததுதானாம். "பயன்படுத்திய பிளாஸ்டிக்" என்று வைக்கிறேன். ஒன்று மட்டும்: பழைய வாசகத்தோடு அச்சடித்த ஸ்லீவ் ரோல் மூன்று கிடக்கிறது. மேலே ஸ்டிக்கர் ஒட்டி ஓட்டலாமா?

மோல்டு_47

ஸ்லீவ் சுருங்கிய பிறகு வளைவில் ஒட்டிய ஸ்டிக்கர் ஈரக் கையில் உரிந்துவிடும். உரிந்தால் அடியில் "100% பசுமை" தெரியும்.

பிழைதிருத்தி

உரியாத பசை கிடைத்தாலும் "40%" வரி முழுவதும் மறைய வேண்டும். விலை, தேதி இருக்கும் இடத்தை ஸ்டிக்கர் தொடுகிறதா என்றும் பாருங்கள். ரோலின் படத்தைப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.