போன முறை ஜெயித்த குதிரை இந்த முறை ஆறாவது: ஃபார்ம் கைடில் நான் எதைத் தவறாகப் படித்தேன்?

தேன்மொழி_27

குதிரைப் பந்தயம் பார்க்க ஆரம்பித்து இரண்டு மாதம்தான் ஆகிறது. பந்தயத்துக்கு முந்தின நாள் ஃபார்ம் கைடை எடுத்து எந்தக் குதிரை முன்னால் வரும் என்று எழுதி வைத்து, பிறகு முடிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். நேற்றைய 1600 மீட்டர் ஹேண்டிகேப் பந்தயத்தில் என் கணிப்பு அடியோடு தவறிவிட்டது.

கைடில் இருந்தவை, குதிரையின் எண், முந்தைய ஓட்டங்களில் வந்த இடங்கள், சுமக்கும் எடை என்ற வரிசையில்:

```
2   12x231   57.5
5   52x084   56
11  30x796   52
```

2ஆம் எண் கடைசியாக ஓடியதில் முதலிடம், அதனால் அதை எழுதினேன். 5ஆம் எண் 4, 8, 0 என்று போகப் போக மோசமாகிறதே என்று ஒதுக்கினேன். ஆனால் 5 இரண்டாவதாக வந்தது, 2 ஆறாவதாக வந்தது. எங்கே தவறு?

கடிவாளம்

எடைதான் காரணம். 57.5 கிலோ சுமந்தால் எந்தக் குதிரைக்கும் கடைசி 200 மீட்டரில் மூச்சு வாங்கும். எடை குறைந்த குதிரைகளை மட்டும் பாருங்கள், பாதி வேலை முடிந்தது.

தேன்மொழி_27

அப்படியானால் 52 கிலோ சுமந்த 11தானே ஜெயித்திருக்க வேண்டும்? அது கடைசியாக வந்தது.

லாயத்துக்காரர்

கடிவாளம் சொன்னதில் பாதி சரி. எடை கூடினால் வேகம் குறையும். ஆனால் ஹேண்டிகேப்பில் 52 கிலோ ஏன் 11க்குக் கிடைத்தது? அது பலவீனமான குதிரை என்று ஹேண்டிகேப்பர் மதிப்பிட்டதால்தான். நல்ல குதிரைக்குக் கூடுதல் எடை வைத்து எல்லாரையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவரப் பார்ப்பதுதான் இந்த வகைப் பந்தயம். எனவே எடை எவ்வளவு என்பதைவிட, போன ஓட்டத்தில் இருந்ததற்கும் இன்றைக்கும் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

அதற்கு முன்னால் ஒன்று. அந்த எண் வரிசையை எந்தப் பக்கமிருந்து படித்தீர்கள்?

தேன்மொழி_27

இடது பக்கம்தான் புதியது என்று நினைத்து வலமிருந்து இடமாகப் படித்தேன். விரிவான பட்டியலில் புதிய ஓட்டம் மேலே வருகிறது, அதனால் இதிலும் முதலில் இருப்பதுதான் புதியது என்று எடுத்துக்கொண்டேன்.

லாயத்துக்காரர்

அங்கேதான் வழுக்கியிருக்கிறீர்கள், இது பலருக்கும் நடப்பது. இந்த எண் வரிசையில் வலது ஓரத்தில் இருப்பதுதான் கடைசி ஓட்டம். கீழே வரும் விரிவான பட்டியலில் புதியது மேலே இருக்கும். ஒரே பக்கத்தில் இரண்டு திசை. சந்தேகம் வந்தால் பட்டியலின் மேல் வரியில் உள்ள இடமும் எண் வரிசையின் வலது ஓர எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

இப்போது 5ஐ மறுபடி படியுங்கள். `x` என்பது நீண்ட ஓய்வு, பொதுவாக மூன்று மாதமோ அதற்கு மேலோ. `0` என்றால் ஓடவில்லை என்று பொருளில்லை, பத்தாவதாகவோ அதற்குப் பின்னாலோ வந்தது என்று பொருள். ஓய்விலிருந்து திரும்பிய முதல் ஓட்டத்தில் பத்துக்குப் பின்னால், அடுத்து எட்டு, அடுத்து நான்கு. ஓட்டத்துக்கு ஓட்டம் உடல் தேறி வரும் குதிரை அது. நீங்கள் படித்ததற்கு நேர் எதிர். 2இன் வரிசையில் இரு ஓரத்திலும் 1 இருந்ததால் உங்களுக்குத் தவறு தெரியாமல் போயிற்று.

இரண்டு குதிரைக்கும் மேல் வரியை மட்டும் போடுங்கள்.

தேன்மொழி_27

இரண்டும் ஒரே பந்தயத்தில் ஓடியிருக்கின்றன! 1600 மீட்டர், டிராக் குட் 4. 2ஆம் எண் 54 கிலோவோடு முதலிடம். 5ஆம் எண் 57 கிலோவோடு நான்காம் இடம், 1.5 லெங்த் பின்னால்.

லாயத்துக்காரர்

அருமையான ஜோடி. 2க்கு 54இலிருந்து 57.5, அதாவது 3.5 கிலோ கூடுதல். 5க்கு 57இலிருந்து 56, ஒரு கிலோ குறைவு. இருவருக்கும் இடையில் மொத்தம் 4.5 கிலோ புரண்டிருக்கிறது. மைல் தூரத்துக்கு ஒன்றரை கிலோ ஒரு லெங்த் என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். ஒரு லெங்த் என்பது ஏறக்குறைய 2.4 மீட்டர், குதிரையின் மூக்கிலிருந்து வால் வரை. ஆக 4.5 கிலோ என்பது மூன்று லெங்த். போன முறை ஒன்றரை லெங்த் பின்னால் இருந்த 5, காகிதத்தில் ஒன்றரை லெங்த் முன்னால் வருகிறது.

இதைச் சட்டம்போலப் பிடித்துக்கொள்ளாதீர்கள். ஜெயித்த குதிரையை ஜாக்கி கடைசியில் இழுத்துப் பிடித்திருந்தால், 1.5 லெங்த் என்பது அதன் முழு பலத்தைக் காட்டாது. தூரம் கூடக்கூட ஒவ்வொரு கிலோவும் அதிகமாக உறைக்கும், 1000 மீட்டரில் குறைவாக உறைக்கும்.

சேணம்88

எனக்கும் எடையில்தான் குழப்பம். குதிரை எடை 480 கிலோ, போன முறையைவிட 6 கிலோ கூடுதல் என்று போட்டிருந்தார்கள். அப்படியானால் அது நான்கு லெங்த் பின்வாங்குமா?

லாயத்துக்காரர்

இல்லை, அது குதிரையின் உடல் எடை. ஜப்பான் பந்தயங்களில் கூடுதல் குறைச்சலோடு அப்படிப் போடுவார்கள், ஹாங்காங்கிலும் உடல் எடை உண்டு. இங்கே பேசுவது ஜாக்கி, சேணம், தேவைப்பட்டால் ஈயத் தகடு எல்லாம் சேர்ந்து குதிரை முதுகில் ஏறும் எடை. உடல் எடைக்கு லெங்த் கணக்குப் போடாதீர்கள்.

புல்வெளி

கூடவே இதையும் பாருங்கள். நான் ஒரு முறை 58 என்று படித்துக் கணக்குப் போட்டேன், குதிரை உண்மையில் சுமந்தது 55தான். ஓட்டியவர் பயிற்சி ஜாக்கி, அவருக்கு 3 கிலோ சலுகை. பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக `a3` என்று இருந்தது, நான் கவனிக்கவில்லை.

லாயத்துக்காரர்

ஆமாம், பழைய ஓட்டம், இன்றைய ஓட்டம் இரண்டிலும் சலுகை போக உள்ள எடையைத்தான் ஒப்பிட வேண்டும். தேன்மொழி, நேற்று டிராக் எப்படி இருந்தது?

தேன்மொழி_27

கைடில் குட் 4. இரவில் மழை பெய்ததால் பந்தயத்தின்போது சாஃப்ட் 6 என்று அறிவித்தார்கள். அது முக்கியமா?

லாயத்துக்காரர்

மிகவும் முக்கியம். நீங்கள் சொல்லும் ஆஸ்திரேலிய முறையில் 1, 2 கெட்டித் தரை, 3, 4 குட், 5 முதல் 7 வரை சாஃப்ட், 8 முதல் 10 வரை ஹெவி. கைடில் அச்சாகும் எண் முந்தின நாள் நிலவரம். பந்தயங்களுக்கு நடுவிலேயே அது மாறும், அதனால் ஓட்டத்துக்குச் சற்று முன் அறிவிப்பதைத்தான் நம்ப வேண்டும். ஒவ்வொரு குதிரைக்கும் டிராக் வாரியாக நான்கு எண்கள் இருக்கும்: ஓடியது, முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம். சாஃப்ட் வரியைப் பாருங்கள்.

தேன்மொழி_27

2க்கு `3-0-0-0`. 5க்கு `4-2-1-0`.

கடிவாளம்

அப்படியானால் 2 ஈரத்தில் ஓடாத குதிரை, கதை முடிந்தது.

லாயத்துக்காரர்

அவ்வளவு சீக்கிரம் முடிக்காதீர்கள். 5 ஈரத்தில் ஓடும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2 ஓடாது என்பதற்கு மூன்று ஓட்டம் மட்டுமே இருக்கிறது. அந்த மூன்றும் என்ன தூரம், எவ்வளவு லெங்த் பின்னால்?

தேன்மொழி_27

இரண்டு 1200 மீட்டர், ஒன்று 1400. ஒன்றில் நான்காவது, 0.8 லெங்த் பின்னால்தான். மற்ற இரண்டும் ஆறு லெங்துக்கு மேல்.

லாயத்துக்காரர்

பார்த்தீர்களா, 0.8 லெங்த் தோல்வியும் அந்த வரியில் பூஜ்யமாகவே நிற்கிறது. மற்ற இரண்டும் தூரம் குறைவென்பதால் தோற்றதா, ஈரத்தால் தோற்றதா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. நேற்றைய ஆறாம் இடத்துக்கு எடை எவ்வளவு காரணம், தரை எவ்வளவு காரணம் என்றும் பிரிக்க முடியாது. குட் தரையில் இதே 57.5ஐச் சுமந்து அது ஓடும் நாளில் ஓரளவு தெரியும்.

புல்வெளி

ஈரத்தில் எடை இன்னும் அதிகமாக அழுத்தும் என்பது என் அனுபவம். அதனால் எடையைத்தான் நான் முதலில் சொல்வேன்.

லாயத்துக்காரர்

பலர் அப்படிச் சொல்வார்கள். ஈரத்தில் எல்லாக் குதிரையும் மெதுவாகத்தான் ஓடும், அதனால் எனக்கு அதில் முழு உடன்பாடில்லை.

தேன்மொழி_27

சரி, 5 ஏன் முன்னால் வந்தது என்பது புரிகிறது. 2 அடுத்து குட் தரையில் ஓடும்போது எடையையும் லெங்த்தையும் இங்கேயே எழுதுகிறேன்.