கேஐவி என்று மெயில் வந்திருக்கிறது, என்ன அர்த்தம்?

செங்காங் புதுவரவு: ஸ்கிரீன்ஷாட் போட்டிருக்கிறேன். "கவனமாகப் பரிசீலித்தோம். தற்சமயம் உங்கள் விண்ணப்பத்தை மேற்கொண்டு எடுத்துச் செல்ல இயலவில்லை. ரெஸ்யூமேயை கேஐவி-யில் வைத்துக்கொள்கிறோம்." சிங்கப்பூருக்குக் கணவரின் டிபி-யில், அதாவது அவரைச் சார்ந்து தங்கும் பாஸில், வந்து இரண்டு மாதம். அக்கவுண்ட்ஸ் வேலை, 4,200 வெள்ளி கேட்டிருந்தேன். காத்திருக்கவா?

தெம்பனிஸ்காரன்: கேஐவி என்றால் 'கீப் இன் வியூ'. கதவை மூடவில்லை, அடுத்த இடம் காலியானால் கூப்பிடுவார்கள். டிபி-தானே, கம்பெனி எல்ஓசி என்ற அனுமதிக் கடிதம் ஒன்று எடுத்தால் போதும், சுலபம்.

ஜூரோங் மாமா: என் மகனுக்கும் ரிஜெக்ட் ஆச்சு தங்கச்சி. கம்பெனி மனிதவள அமைச்சான எம்ஓஎம்-இல் அப்பீல் போட்டது, கிடைத்துவிட்டது. மூன்று மாதத்துக்குள் போடச் சொல்லுங்கள்.

ஹெச்ஆர் அக்கா: மாமா, உங்கள் மகனுக்கு வேலை கிடைத்த பிறகு பாஸ் மறுக்கப்பட்டது. இது கம்பெனியே வேண்டாம் என்றது, இதற்கு அப்பீல் கிடையாது. தெம்பனிஸ் தம்பி சொல்லும் எல்ஓசி பழைய கதை. 2021 மே முதல், டிபி-யில் இருப்பவர் கம்பெனியில் வேலைக்குச் சேரத் தனியாக வேலை பாஸ் வேண்டும். கேஐவி எல்லாருக்கும் போகும் வரி. அதை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம். சரி, எப்போது விண்ணப்பித்தீர்கள், மெயில் எத்தனை மணிக்கு வந்தது?

செங்காங் புதுவரவு: போட்டது ஞாயிறு இரவு 11:40. வந்தது 11:52!

ஹெச்ஆர் அக்கா: அப்படியென்றால் உங்கள் ரெஸ்யூமேயை மனிதர் யாரும் திறந்திருக்க மாட்டார்கள். ஃபாரத்தில் பாஸ் பற்றிய கேள்வியும் சம்பளக் கட்டமும் இருந்திருக்கும், சிஸ்டமே கழித்துவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. கணக்குப் பாருங்கள். இபி என்ற மேல்நிலை வேலை பாஸுக்கு 2025 ஜனவரி முதல் குறைந்தது 5,600 வெள்ளி, வயது கூடக் கூட இன்னும் ஏறும். 4,200-க்கு அதற்கு அடுத்த நிலையான எஸ் பாஸ்தான். அதற்குக் கோட்டா உண்டு. சேவைத் துறையில் மொத்த ஆட்களில் 10 சதவீதம் வரைதான், கம்பெனி மாதா மாதம் அரசாங்கத்துக்கு லெவி என்ற கட்டணமும் கட்ட வேண்டும். கோட்டா நிரம்பிய கம்பெனி நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் எடுக்க முடியாது. இனி போடும் முன் ஒரு வரி கேளுங்கள்: "எஸ் பாஸ் கோட்டா இருக்கிறதா?" பதில் சொல்லும் கம்பெனிக்கு மட்டும் ஃபாரம் நிரப்புங்கள். பாஸ் நிலையை மறைத்து எழுத மட்டும் வேண்டாம்.

தெம்பனிஸ்காரன்: எல்ஓசி விஷயம் எனக்குத் தெரியாமல் போச்சு, அக்கா. ஆனால் நன்றி என்று ஒரு பதில் போட்டுவைப்பது நல்லதுதானே?

ஹெச்ஆர் அக்கா: இன்டர்வியூவுக்குப் பிறகு ஆள் பேர் போட்டு வந்தால் இரண்டு வரி போடலாம். அங்கே ஏன் கழிந்தது என்றும் கேட்கலாம், பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள்.

செங்காங் புதுவரவு: இது நோரிப்ளை முகவரி அக்கா. இப்போதுதான் கவனித்தேன்.

ஜூரோங் மாமா: எதற்கும் அப்பீல் ஒன்று கேட்டுப் பாரும்மா.