கடை வரலாறு வீடியோவுக்கு வசனம்: இந்த வரி சரியா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் குடும்பத்து ஸ்வீட் கடைக்கு ஒரு நிமிட வீடியோ எடுக்கிறோம். தம்பி எழுதியது: "அரண்மனைக்கு அல்வா கொடுத்த நூற்றாண்டுக் கடை." கேட்க ஜோர்தான், ஆனால் ஆதாரம் இல்லை. கையில் இருப்பதில் பழையது 1978 பஞ்சாயத்து லைசென்ஸ். அதனால் இப்படி மாற்றினேன்:

"1978 லைசென்ஸ் இதோ. அதற்கு முன்பே தாத்தா தள்ளுவண்டியில் அல்வா விற்றார் என்று பாட்டி சொல்வார். இன்றும் கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் எடுத்துத்தான் கிண்டுகிறோம்."

லைசென்ஸைத் திரையில் காட்டுவோம். பாட்டி சொன்னதை அவர் வாயாலேயே சொல்ல வைப்போம், அப்போது அது குடும்ப நினைவாக நிற்கும்.

இடிப்பது, வீடியோவில் சேர்க்க நினைக்கும் "பாரம்பரிய அல்வா" என்ற சொல். உணவு விளம்பரங்களுக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ விதிகள் (2018), செய்முறை குறைந்தது 30 ஆண்டுகளாகப் பெரிய மாற்றமின்றி இருந்தால்தான் அப்படிச் சொல்லலாம் என்கின்றன. எங்கள் பொருட்களும் அளவும் மாறவில்லை. விறகு போய் கேஸ் வந்தது, கிண்டுவது மெஷின். இதைப் பெரிய மாற்றம் என்பார்களா? உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் இதைக் கேட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பழைய செய்முறைக்கு என்ன ஆதாரம் காட்டினீர்கள்? எங்களிடம் இருப்பது தாத்தாவின் கணக்கு நோட்டில் கோதுமை, சர்க்கரை, நெய் வாங்கிய பதிவு மட்டும்தான்.