சம்பள உயர்வுக் கடிதம்: விலைவாசி 18.3% ஏறியது என்று எழுதலாமா?

செல்வி_கோவை
பம்ப் செட் கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. 2022 ஜனவரியில் சேரும்போது சம்பளம் 28,000. இப்போது, 2025 பிப்ரவரியில், 29,500. மேனேஜருக்குக் கடிதம் எழுதுகிறேன். தொழிலாளர் பணியகம் வெளியிடும் தொழிலாளர் விலைக் குறியீடு (அகில இந்தியா) 2021 டிசம்பரில் 125.4, 2024 டிசம்பரில் 143.7. அதனால் "விலைவாசி 18.3 சதவீதம் உயர்ந்துள்ளது, எனக்கும் அதே அளவு உயர்த்தித் தர வேண்டுகிறேன்" என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

முருகு77
இதுக்கு ஏன் இவ்வளவு கணக்கு? மத்திய அரசு அகவிலைப்படி 53 சதவீதம். அதையே காட்டுங்க, வாயடைச்சுப் போவாங்க.

கணக்குப்பிள்ளை
முருகு சார், அகவிலைப்படியும் இதே குறியீட்டிலிருந்துதான் வருகிறது, அது உண்மை. ஆனால் அந்த 53, ஏழாவது சம்பளக் கமிஷன் அமலான 2016-லிருந்து சேர்ந்து வந்தது. 2022-இல் சேர்ந்தவர் அதைக் காட்டினால் ஹெச்ஆர் முதல் கேள்வியிலேயே பிடித்துவிடுவார்கள்.

செல்வி, உங்கள் 18.3 புள்ளி வித்தியாசம், சதவீதம் இல்லை. கழிக்காமல் வகுக்க வேண்டும்:

```
143.7 / 125.4 = 1.146
28000 x 1.146 = 32088
32088 / 29500 = 1.088
```

விலைவாசி ஏறியது 14.6 சதவீதம். உங்களுக்கு ஏற்கெனவே 1,500 கூடியிருக்கிறது. அதைச் சொல்லாமல் 14.6 கேட்டால் மேனேஜர் அந்த 1,500-ஐத்தான் முதலில் எடுத்து நீட்டுவார். நீங்களே சொல்லிவிடுங்கள்: "2022-இல் 28,000-க்கு வாங்கியதை இன்று வாங்க ஏறத்தாழ 32,100 தேவை. தற்போதைய சம்பளத்தில் 8.8 சதவீதம் கூட்டினால்தான் சேர்ந்த நாளின் நிலைக்கு வருவேன்."

இது பழைய மதிப்பை மீட்க மட்டும். கூடுதல் வேலை பார்க்கிறீர்கள் என்றால் அதைத் தனிப் பத்தியில், தனித் தொகையாகக் கேளுங்கள். இரண்டையும் கலந்தால் பேரத்தில் எதை வெட்டினார்கள் என்றே தெரியாது.

தேனு_அக்கா
எங்க வீட்டு வாடகை ஒரே வருஷத்துல 7,000-லிருந்து 9,000. எந்தக் குறியீடு அதைக் காட்டுது? நானும் கடிதம் குடுத்தேன், "பார்க்கலாம்"னு சொன்னவர் இன்னும் பார்த்துட்டே இருக்கார்.

கணக்குப்பிள்ளை
குறியீடு சராசரி அக்கா, உங்கள் வீட்டு ஓனரை அதற்குத் தெரியாது. வாடகை ரசீது இருந்தால் இணைக்கலாம், ஆனால் சதவீதத்தோடு கூட்டக் கூடாது. வாடகை ஏற்கெனவே குறியீட்டுக்குள் இருக்கிறது. கோயம்புத்தூருக்கென்று தனிக் குறியீடும் வருகிறது, செல்வி. அதை எடுத்தால் இரண்டு மாதத்துக்கும் அதையே எடுங்கள். ஒன்று கோவை, ஒன்று அகில இந்தியா என்று வேண்டாம்.

செல்வி_கோவை
8.8 என்று மாற்றிவிட்டேன். 29,500 என்பது பிஎஃப் பிடிப்பதற்கு முந்தைய மொத்தம். உயர்வை மொத்தத்தில் கேட்பதா, பேசிக்கில் கேட்பதா?

முருகு77
பேசிக்ல கேளுங்க, பிஎஃப் கூடும்.

கணக்குப்பிள்ளை
கையில் வருவது குறையுமே. நான் மொத்தத்தில்தான் கேட்பேன்.